பக்கத்து மார்க்

விபத்தில் தங்கை போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, அக்கா மறுபடி ஸ்டியரிங்கைத் தொட்டாள். மனநல டாக்டரின் கட்டளை இதுதான்: பயத்துக்கு ஒரு நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடு, அது பாதியாகும்வரை காரைவிட்டு இறங்காதே.

முதல் வாரம் நின்ற காரில் வெறுமனே உட்கார்ந்தாள். நோட்டில் ‘9’ என்று எழுதினாள். மறுநாள் பார்த்தால், பக்கத்தில் யாரோ ‘1’ போட்டிருந்தார்கள்.

இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்த வாரம் அவளுக்கு ஏழு, பக்கத்தில் மூன்று. தெருவைச் சுற்றிய வாரம் அவளுக்கு ஐந்து, பக்கத்தில் ஆறு. மெயின் ரோட்டில் அவளுக்கு மூன்று, பக்கத்தில் ஒன்பது.

“நீங்கதானே எழுதறீங்க?”

“எனக்கு வேற வேலையில்லையா? பின்சீட்ல உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வரவே நேரம் சரியா இருக்கு!” என்றான் கணவன். தங்கை உட்கார்ந்திருந்த முன்சீட்டில் உட்கார அவனுக்கு மனசு வரவில்லை.

இன்று விபத்து நடந்த அதே நாற்சந்தி. சிவப்பு விளக்கில் நின்றபடி ‘2’ என்று எழுதினாள். அவள் கண்ணெதிரே, பக்கத்தில் ‘10’ விழுந்தது.

“பயப்படாதடி. இந்தத் தடவை மெதுவாப் போறேன்.”

“யார்கிட்ட பேசற?” என்றான் கணவன்.

பச்சை விழுந்தது. பக்கத்து சீட்டின் கதவு உள்ளிருந்து திறந்தது.