பத்மாசினி ரீச்சருக்குப் பதில்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த மறுநாள் மத்தியானம் மயூரதன் கைபேசியை எடுத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தான். அப்பா செத்ததற்கு வந்த அனுதாபச் செய்திகள் ஒரு மாதமாகப் பதிலில்லாமல் கிடந்தன. என்ன எழுதுவது என்று தெரியாமலே நாளைக் கடத்திவிட்டான்.

"நீட்டி முழக்காதேங்கோ. ஆளின்ரை பேரைப் போட்டு, உங்கடை ஆறுதலுக்கு நன்றி எண்டு எழுதினாக் காணும்," என்றாள் மனைவி தயாளினி.

அப்படியே எழுதினான். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு, வந்ததுக்கும் நன்றி என்று ஒரு சொல் கூட்டினான். சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்கு அதையும் குறிப்பிட்டான். வேலை சுலபமாகவே போனது. பட்டியலின் அடியில், அவனுக்குப் படிப்பித்த பத்மாசினி ரீச்சர் மட்டும் மிச்சம்.

"தம்பி, அப்பா போன செய்தி கேட்டுச் சரியான கவலை." செய்தி வந்தது பெப்ரவரி மூன்றாம் திகதி, பின்னேரம் நாலு பத்துக்கு.

அப்பா செத்தது ஐந்தாம் திகதி விடியற்காலை.

செய்திக்குக் கீழே பதிலும் இருந்தது. "ரீச்சர், உங்கடை ஆறுதலுக்கு நன்றி." அவன் அனுப்பியது; அனுப்பிய ஞாபகமே இல்லை. மூன்றாம் திகதி, நாலு பன்னிரண்டு.

அழைப்புப் பட்டியலைத் திறந்தான். அன்றைக்கு நாலு பன்னிரண்டுக்கு அப்பா காங்கேசன்துறை வீட்டிலிருந்து எடுத்திருந்தார். அப்போது கைபேசி அவன் கையில்தான் இருந்தது. பிறகு கதைப்பம் என்று துண்டித்தவன், பிறகு கதைக்கவேயில்லை.

"ரீச்சருக்குப் போட்டாச்சோ?" உள்ளேயிருந்து தயாளினி கேட்டாள்.

மயூரதன் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"ஓம். போட்டாச்சு."