நன்றிக்குப் பேரம்

“நாலே நாலு நன்றிதானா?” ஸாதோக் கடிதத்தை மேசைமேல் போட்டார். “முப்பத்தோரு வருஷ நாக்கு இது. கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடும்மா.”

“நாலும் நல்ல சரக்கு, உஸ்தாத். முதல்ல படிங்க,” என்றாள் எம்னா.

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஸாதோக் தலைமைச் சுவைஞர். அவர் சப்புக்கொட்டாமல் ஒரு பீப்பாய்கூடக் கப்பலேறாது. அடுத்த மாதம் அறுபது முடிகிறது. ஓய்வு பெறாமல் மூன்று வருடப் பணி நீட்டிப்புக் கேட்டிருந்தார். கற்றுக்கொண்டவள் கையால் ஒரு நன்றிக் கடிதம் போனால் மனுவுக்கு எடை கூடும் என்ற யோசனை எம்னாவுடையது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகவே படித்தார்.

‘சேர்ந்த முதல் வாரம் நான் அத்தர் பூசி வந்ததற்காக வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினீர்கள். நாக்குக்கு முன்னால் மூக்கு என்று அன்று கற்றேன். நீலக் கிண்ணத்தை உள்ளங்கையில் வெதுவெதுப்பாக்கி, மூடிபோட்டு மணத்தைச் சிறைபிடிக்கக் கற்பித்தீர்கள். ஒரு வேளைக்கு நான்கு எண்ணெய்க்கு மேல் தொடாதே, நடுவில் ஒரு துண்டு ஆப்பிள் கடி என்றீர்கள். பழைய அக்ரூட் பருப்பின் வாடை வந்தால் அது காறிப்போன எண்ணெய் என்றீர்கள். அதை வைத்துத்தான் போன வருடம் பன்னிரண்டாம் தொட்டியை நிறுத்தினேன். அதனால்தான் உதவிச் சுவைஞரானேன்.’

“கண்ணு கலங்குது. ஆனா எடை பத்தாது,” என்றார் ஸாதோக். “காடி வாடையை எங்கே காணோம்? காயைச் சாக்குல கட்டிப் போட்டு ஊற வெச்சா வருமே, அதை யாரு சொல்லிக் குடுத்தா? உங்கப்பனா?”

எம்னா ஐந்தாவது நன்றியைச் சேர்த்தாள்.

“தொண்டைக் காரல்? ஒரு தரம் இருமினா நல்ல எண்ணெய், ரெண்டு தரம் இருமினா ரொம்ப நல்ல எண்ணெய். அதையும் போடு.”

ஆறாவதும் ஏறியது. “போதுமா, உஸ்தாத்?”

“இன்னும் ஒண்ணு போட்டா நிறைவா இருக்கும். கஞ்சத்தனம் பண்ணாதே. என் நாற்காலி உனக்கு வர மூணு வருஷம் கிடக்கு. அதுவரைக்கும் கிண்ணம் கழுவற கைக்கு எழுத என்ன வலிக்குது?”

எம்னா பேனா நுனியைப் பார்த்தாள். “ஜெனோவாக்காரருக்கு அனுப்பற கலவைக்கு நன்றி சொன்னா கடிதம் தூக்கிட்டுப் போயிடும். ஆனா அதை நீங்க எனக்குச் சொல்லித் தரலையே.”

அந்தக் கலவையை மட்டும் ஸாதோக் இருபது வருடமாக மடியில் முடிந்து வைத்திருந்தார். கலக்குகிற நாளில் கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவார். ஈகூட உள்ளே போகாது.

“அது எதுக்கு இப்போ?”

“வேண்டாம்னா விடுங்க. ஆறோட முடிச்சிடறேன்.” எம்னா பேனாவை மூடினாள். “மஹ்தியா கிளையில சுவை பார்க்கற கிழவருக்கு ஒம்போது நன்றி எழுதினாங்களாம். சரி, அவரு ராசி.”

“ஒம்போதா? அந்த மூக்கடைப்பனுக்கா?” ஸாதோக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எழுது. நம்மூரு ஷெம்லாலி எண்ணெய் ஏழு பங்கு, வடக்கே இருந்து வர்ற ஷெத்தூயி ஒரு பங்கு. இது சாது, அது முரடன். முரடன் ஒருத்தன் போதும்.”

“எப்போ கலக்கணும்?”

“முரடனோட வண்டல் இறங்கட்டும். தெளிவை மட்டும் வேற தொட்டிக்கு மாத்திட்டு அப்புறம் கலக்கணும். வண்டலோட கலந்தா சேத்து நாத்தம் புடிச்சிக்கும்.”

“தொட்டி எவ்வளவு சூட்டுல இருக்கணும்?”

“பன்னெண்டு டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது, எண்ணெய் உறைய ஆரம்பிச்சிடும். ஏம்மா, நன்றிக்கு டிகிரி எதுக்கு?”

“விவரமா இருந்தாத்தானே நம்புவாங்க, உஸ்தாத்.”

நியாயமான பேச்சு. ஏழாவது நன்றிதான் எல்லாவற்றையும்விட நீளமாக அமைந்தது.

மறுநாள் காலை நிர்வாகி நிஜார் தன் அறையில் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எதிரே ஸாதோக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எம்னா கதவோரம் நின்றாள்.

“இதெல்லாம் நீங்களே கத்துக் குடுத்ததா, ஸாதோக்?”

“ஒண்ணு விடாம, ஐயா.”

“ஜெனோவா கலவையுமா?”

“முக்கியமா அதைத்தான் பெருமையாச் சொல்லணும்.”

“அப்போ கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

ஸாதோக் கடைசி எழுத்தின் வாலை நீட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நிஜார் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நீட்டிப்பு உத்தரவு. மூன்று வருடம் என்று தட்டச்சு செய்து, முத்திரைகூட வைத்திருந்தது. அதை அவர் நிதானமாக நாலாகக் கிழித்தார்.

“விதி அப்படி, ஸாதோக். வேலை தெரிஞ்ச வேற ஆள் இல்லைன்னாத்தான் நீட்டிக்கலாம். அந்தக் கலவைக்காகத்தான் இதைத் தயாரா வெச்சிருந்தேன். நீங்க பெரிய மனசு பண்ணி எல்லாத்தையும் எம்னாவுக்குக் குடுத்துட்டீங்க. அந்த நாற்காலியும் இனி அவளுக்குத்தான்.”

ஸாதோக் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. “பொய், ஐயா! கடிதத்துக்கு அழகா இருக்கட்டும்னு போட்டது! இந்த எட்டு வருஷத்துல அந்தக் கலவையை இவ கண்ணுலகூடக் காட்டினதில்லை. சத்தியமா நான் கத்துக் குடுக்கலை. எம்னா, நீயே உண்மையைச் சொல்லும்மா!”

எம்னா கடிதத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல் உறைக்குள் வைத்தாள்.

“நேத்துதானே கத்துக் குடுத்தீங்க, உஸ்தாத்.”