ஓர் அடி அதிகம்

"கத்தியைத் தீட்டி வெச்சிருக்கேன். சாயந்திரம் வந்து உங்களைக் கவனிச்சுக்கறேன்" என்றாள் மனைவி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

கணவரின் கை தானாக மேலே போய் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டது, இன்னும் இருக்கிறதா என்று.

சாதாரண மீசையா அது? இரண்டு குருவிகள் குடும்பத்தோடு தங்கலாம். பள்ளியில் அவருக்குப் பெயரே மீசை மாஸ்டர்தான். உடற்பயிற்சி ஆசிரியர், சிவப்பு அணிக்குப் பொறுப்பு. மனைவி அதே பள்ளியில் பாட்டு டீச்சர், நீல அணிக்குப் பொறுப்பு. விளையாட்டு விழா அணிவகுப்பில் நீலம் ஜெயித்தால் மீசை போகும். சிவப்பு ஜெயித்தால் விடியற்காலையில் அவள் தொண்டையைத் திறக்கக் கூடாது. பந்தயம் அதுதான். சாட்சிக்கு ஆசிரியர் அறையே நின்றது.

அணிவகுப்புப் பாட்டு அவள் கட்டியதுதான். முன்னால் நடக்கும் தலைவி கேட்க, அணி மொத்தமும் அலற வேண்டும்.

"எட்டி வைக்கும் காலு யாரு?"

"நாங்க! நாங்க!"

"முட்டித் தள்ளும் காத்து யாரு?"

"நாங்க! நாங்க!"

கேள்விக்கு நாலு எட்டு, பதிலுக்கு நாலு எட்டு. இடது கால் தரையில் படும்போதெல்லாம் பெரிய டிரம் 'டம்' என்று விழும். வலது காலுக்கு ஓசையில்லை. ஒவ்வொரு 'நாங்க'வும் இடது காலில்தான் வெடிக்கும். "காதை டிரம்முக்குக் குடு, கால் தானா வரும்" என்று எல்லா அணிக்கும் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர். இன்று அந்த டிரம்மும் அவர் வயிற்றில்தான் தொங்கியது. கொலைக்கு வேறென்ன ஆயுதம் வேண்டும்?

வானம் கருத்துக் கிடந்தது. காற்று செத்துப்போயிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் மாஸ்டர் நின்றார். டிரம் அத்தனை பெரியது, அதற்கு மேலே வருகிறவர்களின் தலைதான் அவருக்குத் தெரியும்.

முதலில் சிவப்பு வந்தது. பிசகில்லை. ஒரே காலாகப் போனார்கள்.

அடுத்து நீலம். மைதானத்து வாசலிலிருந்து திரும்பியபோதே பதில் இடிபோல விழுந்தது. பாட்டு டீச்சர் வாசலில் ஒரு கையால் தொடையைத் தட்டிக்கொண்டே நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. 'பயந்துட்டா' என்று மாஸ்டர் மீசைக்குள் சிரித்தார். நீலத்தின் தலைவி பாடுவதும் குனிந்து தன் காலைப் பார்ப்பதுமாக வந்தாள். அதுவும் பயம்தான் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் திட்டம் சின்னது. விஷமும் சின்னச் சீசாவில்தானே வருகிறது! மேடைக்கு நேரே வரும்போது ஓசையில்லாத எட்டில் டிரம்மில் ஓர் அடி கூடுதலாகப் போட வேண்டும். அத்தோடு 'டம்' எல்லாம் மறுகாலுக்கு மாறிவிடும். பாதிப் பேர் கால் மாற்றித் தத்துவார்கள், மீதிப் பேர் மாற்றமாட்டார்கள். பின்வரிசை முன்வரிசையின் குதிகாலை மிதிக்கும். சரிசெய்ய இடம் இருக்காது.

"தட்டிக் கேட்க ஆளு..." என்று தலைவி இழுத்தாள். பாவம், குழந்தைகள் என்று ஒரு கணம் மனசு இடறியது. மீசை துடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டம்! 'யாரு' வரவேண்டிய எட்டில் இடி விழுந்தது.

அந்த 'யாரு'வை விழுங்கிக்கொண்டு, "நாங்க! நாங்க!" என்று நீலம் அலறியது.

மாஸ்டர் காத்திருந்தார். விழுகிற சத்தம் கேட்கவில்லை. அழுகை கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், தலைகளெல்லாம் கயிறு பிடித்த மாதிரி மேடையைத் தாண்டிக்கொண்டிருந்தன. மேடையில் நடுவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"கேள்வி முடியறதுக்குள்ள பதில் பாருங்க! என்ன வேகம், என்ன வேகம்!"

கேடயம் நீலத்துக்கு. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

அன்று சாயந்திரம் மாஸ்டர் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டார். மேலுதட்டில் சோப்பு நுரை. கழுத்தில் துண்டு. பின்னால் காலடிச் சத்தம் நின்றது. கத்தி பளிச்சென்று கண்முன் வந்தது.

'கண்டுபிடிச்சிருப்பா. டிரம்மை அவளுக்குத் தெரியாதா?' துண்டை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்த ஓர் அடி" என்றாள் அவள் காதருகில், மெல்ல. "வேணும்னேதானே போட்டீங்க?"

"இ... இல்லம்மா... கை தவறி..."

"பொய் சொல்லாதீங்க. இத்தனை வருஷத்துல உங்க கை ஒரு தடவை தவறியிருக்கா?"

கத்தி கீழே இறங்கியது. ஒரு சொட்டுக் கண்ணீர் அவர் மூக்கில் விழுந்தது.

"வாசல்லயே தப்பா வலது கால்ல கிளம்பிட்ட என் பசங்களுக்காக, மீசை போனாலும் போகட்டும்னு அந்த ஓர் அடியில டிரம்மையே அவங்க இடது காலுக்குக் கொண்டுவந்து விட்டீங்களேங்க!"