பாப்பம்மா பிடித்துக்கொண்ட கட்டில்

"அம்மா! மறுபடியும் அண்டாவைக் கீழே இறக்கிட்டியா?"

சரஸ்வதிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு டீப்பாய், ஒரு பூ ஜாடி. இவற்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று அவள் கட்டிக் காத்து வந்த ஹாலில், செப்பு அண்டாவும் இரண்டு தவலைகளும் இரும்புப் பெட்டியும் சம்பந்தி வீட்டார் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"புளி போட்டுத் தேய்க்கலாம்னு இறக்கினேன்டி. கீழ்வீட்டு மரியகுழந்தை ஒரு கை குடுத்தா" என்றாள் பாப்பம்மா.

"போன வாரமும் இதையேதான் சொன்னே!"

குடியாத்தத்திலிருந்து மூன்று மாதம் தங்கிப் போக வந்தவள் பாப்பம்மா. வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் அந்த மாடி வீட்டை இரண்டு தரம் புரட்டிப் போட்டுவிட்டாள்.

வீடு காலியாக இருந்தால்தான் அழகு என்பது சரஸ்வதியின் கட்சி. எஞ்சினியர் பங்களா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிடித்த பைத்தியம். இருந்த சாமான்களை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. எல்லாவற்றையும் சின்ன அறையின் பரணில் ஏற்றிவிட்டாள். பார்க்கிறவர்கள் கழுத்தைத் தூக்கியா பார்க்கப் போகிறார்கள்?

ஷிப்ட் முடிந்து வந்த துளசிராமன், மனைவி சொல்லுக்குக் கட்டுப்பட்டு அண்டாவைத் திரும்பவும் பரணில் ஏற்றினான்.

"அத்தே, அதை விட்டுடுங்களேன். மாதர் சங்கத்துலேர்ந்து வீட்டைப் பாக்க வர்றாங்களாம். நல்லா வெச்சிருக்கிற வீட்டுக்கு வெள்ளி விளக்கு குடுக்கறாங்களாம்."

"சரிங்க மாப்ளே" என்றாள் பாப்பம்மா. அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றதே சரஸ்வதிக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகப்பட்டது சரிதான். மறுநாள் பார்த்தால், பேத்தி வள்ளியின் மெத்தை சின்ன அறையிலிருந்து ஹாலுக்கு வந்திருந்தது. சின்ன அறையில் இருந்த ஒரே கட்டிலில் பாப்பம்மா காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"முதுகு வலிடி. கட்டிலுதான் ஒத்துக்குது."

"ஊர்ல வெறும் தரையில படுக்கறவ நீ! சரி, குழந்தையும் உன்கூடவே படுக்கட்டுமே. அகலமான கட்டில்தானே?"

"அவ ராத்திரி பூரா உதைக்கறா. கட்டிலு எனக்குத்தான்."

நாலு வயசுக் குழந்தையிடம் போட்டிக்கு நிற்கிற பாட்டியை சரஸ்வதி எங்கும் கேள்விப்பட்டதில்லை. பாப்பம்மா கடைத்தெருவுக்குப் போன சமயம் பார்த்து மெத்தையை எடுத்து உள்ளே போட்டாள். திரும்பி வந்த பாப்பம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் அதை ஹாலுக்கு இழுத்து வந்தாள். இப்படியே நாலு நாள் நடந்தது. வள்ளிக்கு மட்டும் கொண்டாட்டம். மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டே போய் வந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாதர் சங்கத் தலைவி பார்வதம்மா படியேறி வந்தாள். வள்ளி ஹாலில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைய உள்ள போடும்மா, மானம் போவுது!" சரஸ்வதி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"தூங்கற புள்ளையத் தூக்கக் கூடாது. நான் காபி போடறேன்" என்று சொல்லிவிட்டு பாப்பம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பார்வதம்மா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க. இந்த மெத்தை ஒண்ணுதான்..."

"எங்கம்மா வேலைங்க. அவங்களுக்குக் கட்டில் வேணுமாம். அதுக்காகக் குழந்தையைத் தரையில தள்ளிட்டாங்க" என்று சரஸ்வதி மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். "வயசானா எப்படியெல்லாம் சுயநலம் வருது பாருங்க."

காபி டம்ளரோடு வந்த பாப்பம்மா அதைக் கேட்டாள். கேட்காதவள் மாதிரி டம்ளரை நீட்டினாள்.

அப்போதுதான் தரை 'திடும்' என்று தூக்கிப் போட்டது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. பூ ஜாடி டீப்பாயில் ஒரு வட்டம் சுற்றி நின்றது.

"ஏர்பிளாஸ்ட்" என்றாள் பார்வதம்மா, காபியைச் சிந்தாமல். தங்கச் சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்தால் மேலே ஊரே குலுங்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது பழகிப் போன விஷயம்.

ஆனால் அடுத்த நொடி சின்ன அறையிலிருந்து வந்த சத்தம் யாருக்கும் பழக்கமில்லாதது.

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பரண் பலகை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. செப்பு அண்டா கட்டிலில், சரியாகத் தலையணை மேல் விழுந்து கிடந்தது. தலைமாட்டுச் சட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது.

சரஸ்வதி ஹாலுக்கு ஓடி, இன்னும் தூங்கிக்கொண்டிருந்த வள்ளியை வாரி அணைத்துக்கொண்டாள். பார்வதம்மா வெள்ளி விளக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அம்மா... இது விழும்னு உனக்குத் தெரியுமா?"

"வந்த அன்னிக்கு ராத்திரியே குலுங்கிச்சே. பரணுலேர்ந்து மண்ணு கொட்டிச்சு. உன்னை எழுப்பினேன். ஏர்பிளாஸ்ட்டும்மா, பழகிடும்னு சொல்லித் திரும்பிப் படுத்துக்கினே. அண்டாவை இறக்கினா ஏத்தறே. நான் இன்னா செய்யறது?"

"அதுக்காக, தெரிஞ்சே நீ அங்க படுப்பியா? கட்டிலைச் சும்மா விட்டிருக்கலாம் இல்ல?"

பாப்பம்மா மகளின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

"காலியா விட்டா நீ புள்ளையக் கொண்டாந்து போட்டுடுவியேடி!"