தட்டு அடிக்காத கேள்வி

ஐந்தாம் சுற்றின் நான்காவது படம் திரையில் ஓடி முடிந்தது. ஒரு தட்டும் ஒலிக்கவில்லை.

முதல் வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த கங்கையா, அடக்கியிருந்த மூச்சை மெல்ல விட்டார்.

அவர் சட்டைப் பையில் கீர்த்தி டீச்சர் பெற்றோருக்கு எழுதிய கடிதம் நாலாக மடிந்திருந்தது. மேலே தெலுங்கு, கீழே தமிழ். சனிக்கிழமை மாலை நாலரைக்குப் பள்ளியில் டிவி வினாடி வினா. தெருவுக்கு ஓர் அணி, மொத்தம் நாலு. அணிக்கு இரண்டு அம்மா, ஒரு அப்பா, ஒரு பிள்ளை.

விதிகளை அவர் மூன்று முறை படித்திருந்தார். மணிக்குப் பதிலாக ஒவ்வொரு அணிக்கும் ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும். முதலில் தட்டுகிற அணிக்கு இருபது நொடி. சரியென்றால் பத்து மதிப்பெண். தப்பென்றால் ஐந்து கழியும். செல்போன்களை வாசலில் வைத்திருக்கும் கூடையில் போட்டுவிட வேண்டும். கூட்டத்திலிருந்து யாராவது விடையை எடுத்துக் கொடுத்தால் அந்தத் தெருவுக்கு ஐந்து போகும்.

கடைசிச் சுற்றில், சத்தமில்லாமல் பத்து நொடிப் படம். அதில் வரும் பாத்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். எந்த அணியும் தட்டாவிட்டால் கேள்வி கூட்டத்துக்கு வரும். சரியாகச் சொல்பவருக்கு ஒரு பேனா.

டிவி இல்லாத வீட்டார் சீட்டில் எழுதி அனுப்பினால் போதும். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கரும்பலகையில் மதிப்பெண் எழுதும் வேலை.

கங்கையா எழுதி அனுப்பினார். ‘எங்கள் வீட்டில் டிவி கிடையாது. மானமுள்ள வீட்டுக்கு அது வேண்டியதில்லை.’

அதனால்தான் மகன் வழிப் பேத்தி காவ்யா இப்போது சாக்பீசும் கையுமாகப் பலகையருகே நின்றாள்.

ஆனால் கடைசிச் சுற்றைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது வருஷமாக ஊருக்கு அவர் சொல்லி வந்தது ஒன்றுதான். மகள் சந்தியா பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், லீவு கிடைப்பதில்லை. உண்மையில், டிவி நாடகத்தில் நடிக்க அவள் மெட்ராசுக்குக் கிளம்பிய வாரமே, இனி இந்த வாசல் மிதிக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டு டிவியையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் பொய் இந்தக் கூடத்தில் உடைந்துவிடக் கூடாது என்றுதான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

இந்த நான்காவது படத்தில் அவள் வந்தேவிட்டாள். நைந்த புடவை, இடுப்பில் பித்தளைக் குடம். பத்து நொடி. ஒருமுறை திரும்பி நேராக அவரைப் பார்த்தாள்.

கீர்த்தி டீச்சர் திருப்பதிக்காரி. ஜூனில்தான் வேலைக்கு வந்தவள், ஒன்றும் அறியாதவள். வேலைக்காரியாக வரும் இந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று இரண்டாம் முறையும் கேட்டாள்.

யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. முகத்தில் அத்தனை பூச்சு இருந்தால் எப்படித் தெரியும்? மானம் பிழைத்தது.

அப்படி நினைத்துக்கொண்டே கீழத்தெரு மேசையைப் பார்த்தார்.

அங்கே கிருஷ்ணம்மா இருந்தாள். இரண்டாம் சுற்றில் இதே நாடகத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் கரண்டி வளையத் தட்டி, மூத்த மருமகள் தாலியைக் கழற்றி வைத்த கோயில் வரைக்கும் சொன்னவள் அவள். மதியம் ஒன்றரைக்கு இவள் வீட்டில் குழம்பு கருகுவதே இந்த நாடகத்தால்தான் என்று கூடமே அவளைக் கேலி செய்தது.

இப்போது அவள் கரண்டியைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசை சுரேஷ்பாபு மின்விசிறியைப் பார்த்தான். மேலத்தெரு அணியின் சின்னப் பெண் தரணி கரண்டியை ஓங்கினாள். அவள் அம்மா அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தெர்லம்மா டீச்சர். அந்த நாடகம் இங்க யாரும் பாக்கறதில்ல,” என்றாள் கிருஷ்ணம்மா. கங்கையா இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அவருக்குக் காது மடல் சுட்டது.

‘பாப்பா பெங்களூர்ல நல்லா கீறாளா?’ என்று கேட்டவர்களில் ஒருவராவது கம்பெனியின் பெயரைக் கேட்டதில்லை. கேட்கத் துணிவில்லை என்று நினைத்திருந்தார். மதியத்தில் அவர் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு டிவிச் சத்தம் தாழும். ஒன்பது வருஷமாக அதை மரியாதை என்று நிமிர்ந்து வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

“அப்போ ஆடியன்சுக்குக் கொடுத்துடலாம். யாருக்காவது தெரியுமாங்க?”



கங்கையாவின் வலது கை மேலே போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் வரப்பில் விழுந்து முறிந்த கை. புத்தூரில் எலும்பு வைத்தியர் போட்ட கட்டை ஒரே மாதத்தில் அவிழ்த்துவிட்டார்கள். இன்னும் நோகிறது என்று சொல்லிக்கொண்டு அவர் அதன் பிறகும் வாரம் தவறாமல் பஸ் ஏறினார். கட்டுப் போடும் இடத்தில், காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தது. ஒன்றரைக்குப் போய் உட்காருவார். முறை வரும்போது எழுந்து வெளியே வந்துவிடுவார்.

வேலைக்காரியின் பெயர் அவருக்குத் தெரியும்.

எழுந்து நின்றார். முதுகு நிமிரவில்லை.

“சந்தியா.”

டீச்சர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். இல்லைங்க தாத்தா, ரங்கம், என்று சிரித்தபடி சொன்னாள்.

அன்று மாலை தப்பான பதிலுக்கெல்லாம் கொல்லென்று சிரித்த கூடம் அது.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.