தூசி வரிசையாக உட்காராது

அந்தப் பெண் சொன்னதைக் கணக்கு வாத்தியார் ஏழு வருஷமாக நம்பவில்லை. நம்பாமல் இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது என்பது வேறு விஷயம்.

அன்று வகுப்பில் நடந்தது இவ்வளவுதான்.

"வீட்டுக் கணக்குல எல்லாரும் நூத்தி ரெண்டு எழுதியிருக்காங்க. உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இருபத்தொண்ணு?"

"போன்ல கணக்குப் போடுற ஆப்புல போட்டோ எடுத்தப்ப நூத்தி ரெண்டுதான் சார் வந்துச்சு. போன் ஒரு புள்ளியை விட்டுடுச்சுன்னு பாட்டி கண்டுபிடிச்சாங்க."

"யாரு, ரிப்போர்ட் கார்டுல கைநாட்டு வைக்கிற பாட்டியா?"

வகுப்பு சிரித்தது.

"தாள்ல புள்ளி இருக்கு சார்..."

"ஜெராக்ஸ் தூசி அது. போனுக்கே பாடம் எடுக்குதாம் பாட்டி! உட்காரு."

இருபத்தொன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையால் 102 என்று எழுதினார். பத்துக்கு ஒன்பது. பத்தும் சரியாகப் போட்டவர்களுக்குத்தான் அடுத்த வருஷம் முதல் பிரிவு. மேல்படிப்புக் கணக்கு அங்கே மட்டும்தான். அவள் இரண்டாம் பிரிவுக்குப் போனாள். கணக்கு அதோடு சரி.

இப்போது மருந்துக்கடையில் நிற்கிறாள். பிரஷர் மாத்திரை வாங்கப் போன வாத்தியார், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்ததும் திரும்பிவிடத்தான் நினைத்தார்.

"சார்! நல்லா இருக்கீங்களா?"

மாட்டிக்கொண்டார். கடையில் வேறு ஆளும் இல்லை.

"அந்தக் கணக்கு ஞாபகம் இருக்காம்மா?"

"பன்னிரண்டு கூட்டல், மூணு புள்ளி ஆறு வகுத்தல் பூஜ்யம் புள்ளி நாலு. மறக்குமா சார்?"

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க எப்படிம்மா அதைக் கண்டுபிடிச்சாங்க? நிஜத்தைச் சொல்லு."

அவள் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"பாட்டிக்குத் தையல் கம்பெனியில செக்கிங் வேலை சார். சாம்பிள் சட்டையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, வர்ற ஒவ்வொரு சட்டையையும் ஒத்துப் பார்க்கணும். பட்டன் எங்க, காஜா எங்கன்னு. போட்டோ எடுத்தா அந்த ஆப், தான் படிச்ச கணக்கை மேலே அச்சு எழுத்துல காட்டும்ல, நாமெல்லாம் நேரா விடைக்குத்தான் ஓடுவோம். பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'இருடி, முதல்ல சாம்பிளோட ஒத்துப் பாரு'ன்னாங்க."

"எது சாம்பிள்?"

"நீங்க கொடுத்த தாள்தான் சார். தாளையும் போனையும் பக்கத்துல வெச்சு, விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாங்க. 'தாள்ல ரெண்டு பொட்டு, இதுல ஒண்ணுதான். ஒரு பட்டன் குறையுது'ன்னாங்க. நானும் உங்களை மாதிரியேதான் சொன்னேன், அது தூசி பாட்டின்னு. 'அடுத்த பொட்டு எந்த உயரத்துல இருக்கோ அதே உயரத்துல இருக்கு பாரு. தூசி என்ன வரிசை பார்த்தா உட்காரும்?'னு கேட்டாங்க."

"அப்புறம்?" என்றார் வாத்தியார்.

"தாளோட மடிப்பை நீவிவிட்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கட்டத்துக்குள்ள அந்த ஒரு கணக்கு மட்டும் வர்ற மாதிரி மறுபடி எடுக்கச் சொன்னாங்க. அப்பவும் முப்பத்தாறுன்னுதான் படிச்சுது. அச்சு எழுத்து மேல தட்டி, விட்டுப்போன புள்ளியை நானே போட்டேன். உடனே விடையைப் பார்க்கவும் விடல. திரையை உள்ளங்கையால மூடிக்கிட்டு, ஒவ்வொரு வரியாத்தான் திறந்தாங்க. 'அடுத்த வரி என்னன்னு நீ சொல்லு, அப்புறம் கையை எடுக்கிறேன்.' முதல்ல வகுக்கணும், அப்புறம்தான் கூட்டணும்னேன். 'ஏன் அப்படி வகுக்கணும்? எனக்குப் புரியலைன்னா உனக்கும் புரியலைன்னு அர்த்தம்'னாங்க. முழிச்சேன். 'மூணு மீட்டர் அறுபது சென்டி நாடாவை நாப்பது நாப்பது சென்டியா வெட்டு. எத்தனை துண்டு?' ஒன்பது சார். பன்னிரண்டும் ஒன்பதும் இருபத்தொண்ணு. அதுக்கப்புறம்தான் முழுசா கையை எடுத்தாங்க. போனும் அதையேதான் சொல்லுச்சு."

ஒரு ஆள் வந்து இருமல் மருந்து வாங்கிப் போனார். வாத்தியார் நகரவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு மார்க் போட்ட அந்த வாரமே அவர் அசல் தாளைத் தேடி எடுத்திருந்தார். அவருடைய நீல மையில், அவருடைய கையெழுத்தில், புள்ளி பளிச்சென்று இருந்தது. பிரிவுகளின் பட்டியல் அதற்குள் தலைமையாசிரியர் மேசைக்குப் போய்விட்டது. போனால் என்ன, நாலு எட்டு வைத்தால் அந்த மேசை. அவர் வைக்கவில்லை.

"நான் திருத்தின தாளை வீட்டுல காட்டினியா?"

"காட்டினேன் சார். ஒரே அழுகை. பாட்டி உங்க சிவப்பு மையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் போனைக் கேட்டாங்க. முதல்ல தப்பாப் படிச்சதும் அதுலயே பதிவாகியிருந்துச்சு. அந்த விடையையும் நீங்க எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப் பார்த்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'உங்க வாத்தியார்கிட்ட இனிமே இதைப் பத்திப் பேசாதே. நாலு பேர் முன்னாடி அவர் தலை குனியக் கூடாது, பாவம்'னாங்க. நாந்தானே சார் மார்க்கை விட்டேன்? உங்களை எதுக்குப் பாவம்னாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

வாத்தியார் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். இறங்கியவர் திரும்பி வந்தார்.

"ஏம்மா... நானும் அன்னைக்குப் போன்ல போட்டோ எடுத்துத்தான் விடையை எழுதினேன்னு, அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சா?"