பட்டைச் சாயம்

"ஒட்டகத்தைப் பார்க்காதீங்க. துறவிங்க எழுதறதைப் பாருங்க," என்றாள் கல்பனா.

"அதத்தான் மேடம் பாத்துக்கினு கீறேன்," என்றான் வேதகிரி. தலைப்பாகை வேறு இறங்கி இறங்கிக் கண்ணை மறைத்தது.

உத்திரமேரூர் ஏரியில் தண்ணீர் வற்றிய பக்கத்தில் ஓர் ஆவணப்படத்துக்காகப் பாலைவன ஊரே எழும்பியிருந்தது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால், வணிகப் பாதையில் ஒட்டகங்கள் தண்ணீருக்கு நின்ற சோலை ஊராம். அங்கே ஒரு மடம். வியாபாரி ஒருவன் புண்ணியத்துக்காகச் சுருள்களை எழுதித் தரச் சொல்கிறான். நாலு துறவிகள் நாலு மொழியில் எழுதுகிறார்கள். வியாபாரி நின்று பார்க்கிறான். காட்சி அவ்வளவுதான்.

அந்த வியாபாரிதான் நம் வேதகிரி. பஜார் தெருவில் காகிதக் கடை வைத்திருக்கிறான். சுருளுக்கான காகிதம் முழுக்க அவன் கொடுத்தது. பதிலுக்கு அவன் கேட்டது இந்த வேஷம் ஒன்றைத்தான். மனைவி மலர்க்கொடி பாதித் தெருவைத் திரட்டிக்கொண்டு வந்து கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

படத்தை எடுக்கிற கல்பனா பழஞ்சுவடி படித்தவள். ஒரு குறை இருந்தாலும் விடமாட்டாள். போர்டு எழுதும் பீட்டர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, தூரிகையால் சீன எழுத்தை மேலிருந்து கீழாக எழுதினான். வரிக்குப் பதினேழு எழுத்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பக்கத்தில் பாண்டியன் கூர் சீவிய குச்சிப் பேனாவால் திபெத்திய எழுத்தை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் பிராமி எழுத்தில் சமஸ்கிருதம். நாலாமவன் சோக்தியம், அதுதான் அந்தப் பாதை வியாபாரிகளின் மொழியாம். எழுதுகிற ஒருத்தனுக்கும் ஒரு எழுத்தும் புரியாது. மாதிரியைப் பார்த்து அப்படியே இறக்கினார்கள்.

"தாள் தாளா எழுதி, ஓரத்துல பசை தடவி ஒட்டி, கட்டையில சுத்துவாங்க. தப்பு வந்தா மேல அரிதாரம்னு ஒரு மஞ்சள் கல்லுப் பொடியைக் குழைச்சுப் பூசுவாங்க. காகிதமும் மஞ்சள், அதுவும் மஞ்சள், மறைஞ்சுடும்," என்றாள் கல்பனா. "ஆனா காகிதம்தான் உயிர். அந்த மரப்பட்டைச் சாயத்துக் கசப்புக்குப் பூச்சி கிட்டயே வராது. நான் கொடுத்த பட்டையைத்தானே வேகவெச்சீங்க?"

"வேற இன்னா மேடம்," என்றான் வேதகிரி, ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டே.

வேகவைத்தது உண்மை. அடுப்பில் ஏற்றிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போய், பட்டை கரியானதும் உண்மை. கடைசியில் அரைக் கிலோ மஞ்சள் தூளைக் கரைத்துத்தான் அத்தனை தாளையும் முக்கியெடுத்தான். மஞ்சள் என்றால் மஞ்சள்தானே, யார் நக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். தெரிந்தால் மட்டும் தொலைந்தான். தெருவே பார்க்கக் கல்பனா தலைப்பாகையைக் கழற்றி அனுப்பிவிடுவாள்.

சாப்பாட்டு இடைவேளையில் கயிற்றுப் பக்கம் போய் மலர்க்கொடியிடம் அங்கியைக் காட்டிவிட்டு வந்தான். மறுபடி காட்சி தொடங்கியதும் துறவிகளைப் பார்த்தான்.

பீட்டரின் சுருளெங்கும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று ஆரத்தி கரைத்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? வேதகிரியின் கண் நேராகப் பாண்டியனிடம் போனது. அவன் சதா வெற்றிலை போடுகிற ஆசாமி. இப்போது அவன்தான் பீட்டரின் சுருள் மேல் குனிந்துகொண்டிருந்தான்.

"டேய் பாண்டியா, கைய எட்த்துடுடா. கையக் கய்வுனியா இல்லியா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டான் வேதகிரி.

"இன்னாண்ணா பேஜார் பண்ற? கேமரா ஓடிக்கினு கீது."

அதற்குள் கல்பனா பார்த்துவிட்டாள். "நிறுத்துங்க," என்று வந்து சுருளைத் தூக்கிப் பிடித்தாள். முகம் கடுகடுத்தது. "இது யார் வேலை?"

"நான்தான் மேடம்," என்றான் பாண்டியன்.

"அம்மை போட்ட மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க. ஒரு நாள் வேலை போச்சு. உங்களை யாரு வரச் சொன்னது? மேக்கப்பைக் கலைச்சுட்டு வீட்டுக்குப் போங்க, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

பாண்டியன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தான். இந்த வேஷத்துக்காகத்தான் பத்து வருஷமாக வளர்த்த மீசையையும் எடுத்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேதகிரிக்குப் பொறுக்கவில்லை. மலர்க்கொடி வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனது ஆகட்டும் என்று தலைப்பாகையைத் தானே கழற்றினான்.

"மேடம், அவன் மேல தப்பு இல்ல. நீங்க குட்த்த பட்டை கரியாப் பூட்ச்சு. இது மஞ்சத்தூளு. இவன் கையில சுண்ணாம்பு இருந்துக்கீது, அதான் பட்ட எடமெல்லாம் செவந்து பூட்ச்சு. அனுப்பறதுனா என்னிய அனுப்புங்க."

கல்பனா சுருளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுண்ணாம்பா? எழுதினதைச் சரிபார்க்கிற துறவி, வாக்கியம் முடியிற இடத்துல சிவப்பு மையால புள்ளி வைக்கிறது வழக்கம். நான்தான் சாப்பாட்டு நேரத்துல துறவிங்ககிட்ட மையைக் கொடுத்து, யாராவது ஒருத்தர் வரிக்கு ரெண்டு வைக்கச் சொன்னேன். இவர் எழுத்துக்கு ஒண்ணு வெச்சுட்டார், அதான் கோபம்," என்றவள், சுருளை மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள். "ஆமா, காகிதத்தைப் பத்தி இப்போ என்னமோ சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."